‘மாற்றுப் பொருள் மட்டும்’ என்று பில்லில் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாதா?

காரைக்குடிக்கு அடுத்த கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். ‘‘புழுதி விதைப்பு முடிந்து களை எடுக்க வேண்டிய நேரத்தில், 3,600 ரூபாய் கொடுத்து பேட்டரி ஸ்பிரேயர் வாங்கினேன். ஆறாம் நாளே பம்பு நின்றுவிட்டது. கடையில் முகம் சுளிக்காமல் வேறொன்று மாற்றிக் கொடுத்தார்கள். அது ஒரு வாரம் ஓடியது. பிறகு டேங்க் அடியில் ஒழுக ஆரம்பித்துவிட்டது. ‘பணத்தைக் கொடுங்கள், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்’ என்றேன். ‘அண்ணே, பணமாத் தர்ற வழக்கம் நம்ம கடையில இல்ல. பில்லுலயே போட்ருக்கு பாருங்க. இன்னொண்ணு மாத்தித் தர்றேன், இல்லன்னா அந்தக் காசுக்கு வேற சாமான் எடுத்துக்கோங்க’ என்கிறார். பில்லில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. நான் பணம் கேட்க முடியுமா, முடியாதா?’’

முடியும். ஆனால் எல்லா நேரத்திலும் முடியாது. எப்போது முடியும், எப்போது முடியாது என்பதை இந்த ஸ்பிரேயரையே வைத்துப் பார்ப்போம்.

மனம் மாறினால் ஒன்று, பொருள் பழுதானால் வேறு

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’, ‘மாற்றுப் பொருள் மட்டுமே தரப்படும்’ என்ற வரிகளை நாம் ஒரே மாதிரி படிக்கிறோம். சட்டம் முதலில் கேட்பது, பொருளில் குறை இருக்கிறதா இல்லையா என்பதைத்தான்.

பொருள் நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 லிட்டர் டேங்க் முதுகுக்குக் கனமாக இருக்கிறது, 12 லிட்டர் வாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்தபின் தோன்றுகிறது. அல்லது தேவகோட்டையில் அதே ஸ்பிரேயர் 200 ரூபாய் குறைவு என்று மச்சான் சொல்கிறார். இந்த மாதிரிக் காரணங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கடைக்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மாற்றித் தருவதும் தராததும் அவர் விருப்பம். இங்கே ‘மாற்றுப் பொருள் மட்டும்’ என்ற வரி செல்லும்.

பொருளில் குறை இருந்தால் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அது எந்தெந்தச் செயல்களை ‘முறையற்ற வணிக நடைமுறை’ என்று கருதுகிறது என ஒரு பட்டியல் தருகிறது. 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இல்லாத ஒன்றை அதில் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்பதுதான் அது. எத்தனை நாளுக்குள் என்றால், பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள். பில்லில் எந்தக் காலமும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்களுக்குள்.

இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கடைக்காரர் பில்லில் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்வது நாள் கணக்கைத்தான். பணம் தரமாட்டேன் என்று போட்டுக்கொள்ளலாம் என்று அது சொல்லவில்லை. அதனால், ‘மாற்று மட்டும்’ என்று அச்சடித்துவிட்டு, நாள் எதுவும் போடாத பில்லுக்கு 30 நாள் கணக்கு பொருந்தும். நம் வாசகர் அக்டோபர் 6-ம் தேதி ஸ்பிரேயர் வாங்கியிருந்தால், நவம்பர் 5-ம் தேதிக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து, பணத்தை எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

அந்த நாள் தாண்டிவிட்டால் எல்லாமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. குறையுள்ள பொருளை விற்றதற்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. ஆனால் 30 நாளுக்குள் கேட்டவருக்கு வழக்கு எளிது. தாமதித்தவரிடம், ‘இத்தனை நாள் ஓட்டிவிட்டு இப்போது வருகிறீர்களே’ என்ற கேள்வி வரும்.

தீர்வைத் தேர்ந்தெடுப்பது பில் அல்ல

புகார் ஆணையத்துக்குப் போனால் அங்கே என்ன கிடைக்கும்? பழுதை நீக்கித் தரச் சொல்லலாம். அதே வகையில் குறையில்லாத புதுப் பொருள் தரச் சொல்லலாம். வாங்கிய விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம். கவனக்குறைவால் உண்டான நட்டத்துக்கு இழப்பீடும் தரச் சொல்லலாம். இவற்றில் எது பொருத்தம் என்பதை ஆணையம் முடிவு செய்யும். பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி அந்த அதிகாரத்தைப் பறித்துவிடாது.

அதே சமயம், எந்தச் சின்னப் பழுதுக்கும் முழுப் பணமும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2006-ம் ஆண்டில் மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் கார் வாங்கிய ஒருவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு எல்லையைக் காட்டியது. கிளட்ச்சில்தான் பழுது, வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவோம் என்றுதான் இருக்கிறது, அப்படியிருக்க முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்வது சரியல்ல என்றது நீதிமன்றம். ஸ்பிரேயருக்கும் இது பொருந்தும். நாசில் அடைத்துக்கொண்டது, வாஷர் போய்விட்டது என்றால் அதை மாற்றித் தருவதுதான் தீர்வு. அதற்கு 3,600 ரூபாயைக் கேட்டால் ஆணையமும் ஏற்காது.

அப்படியென்றால் எப்போது பணம் கேட்பது நியாயமாக நிற்கும்? நம் ஊர் நடப்பில் பெரும்பாலும் மூன்று நிலைமைகளில்.

முதலாவது, மாற்றிக் கொடுத்ததும் பழுதாவது. கடைக்காரருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவதும் போனபின், மூன்றாவதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. நம் வாசகர் நிற்பது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, மாற்றுப் பொருள் கையில் இல்லாமல் இருப்பது. ‘கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம், ஸ்டாக் வரட்டும்’ என்று வாரக்கணக்கில் இழுப்பது மாற்றிக் கொடுப்பது ஆகாது. அதே வகை இல்லை என்பதற்காக மட்டமான வேறொன்றைத் தலையில் கட்டுவதும் ஆகாது.

மூன்றாவது, மாற்றிக் கொடுத்தாலும் பயனில்லாமல் போவது. விவசாயத்தில் இது அடிக்கடி நடக்கும். களை இரண்டு, மூன்று இலை விடும் பருவத்தில் மருந்து அடிக்க வேண்டும். அந்தப் பருவம் போய், வாடகை ஸ்பிரேயர் வைத்து வேலையை முடித்துவிட்ட பிறகு புதுசு வந்து என்ன செய்ய? விதையில் இது இன்னும் கடுமை. அதைத் தனியாகப் பார்ப்போம்.

‘அந்தக் காசுக்கு வேற சாமான்’

பணத்துக்குப் பதில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்து, ‘ஆறு மாசத்துக்குள்ள வந்து எதையாவது எடுத்துக்கோங்க’ என்பதும் உண்டு. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நம் பணம் அந்தக் கடையிலேயே கட்டுண்டு கிடக்கிறது; அடுத்த பொருளின் விலையையும் அவர்தான் சொல்வார்.

இதற்கு 2024 அக்டோபரில் ஒரு நல்ல முன்னுதாரணம் வந்தது. ஓலா வாடகைக் கார் செயலியில், பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் கூப்பன் மட்டும் கொடுத்துவந்தார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதில் தலையிட்டது. பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமா, கூப்பனாக வேண்டுமா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அது கார் பயணம், இது ஸ்பிரேயர். ஆனாலும் பணத்துக்குப் பதில் சீட்டு என்பது வாங்குபவர் சம்மதித்தால்தான் என்ற அடிப்படை ஒன்றுதான்.

ஆகவே வேறு பொருள் வேண்டாம் என்றால், கடன் சீட்டைக் கையில் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் நீங்களே அந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று கடைக்காரர் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

செல்போனில் வாங்கினால்

இப்போது களைவெட்டும் கருவி, தண்ணீர் மோட்டார், தார்பாய் எல்லாம் செல்போனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு வருகின்றன. அங்கேயும் பொருளின் படத்துக்குக் கீழே ‘7 நாள் மாற்று மட்டும்’ என்ற வரி இருக்கும். இணைய வணிகத்துக்கென்று 2020-ல் வந்த விதிகள் இதில் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் இருந்தாலும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்து சேர்ந்தாலும், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கவோ பணம் தர மறுக்கவோ கூடாது. வெள்ளம், புயல் போன்ற காரணத்தால் பிந்தினால் மட்டும் அந்தத் தாமதத்துக்கு விலக்கு உண்டு.

ஒரு எச்.பி. மோட்டார் என்று படத்தில் போட்டு, வந்த மோட்டாரின் தகட்டில் அரை எச்.பி. என்று இருந்தால், அது ஓடினாலும்கூட நீங்கள் பணம் கேட்கலாம். பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் விவரம் இருந்த பக்கத்தையும் அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை மாற்றிவிடக்கூடும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

விதைக்கு மாற்று விதை தீர்வாகுமா?

முளைக்காத நெல் விதைக்குப் பதில் இன்னொரு மூட்டை தருகிறேன் என்கிறார் கடைக்காரர். கண்மாய்ப் பாசனமும் வானமுமாக இருக்கும் நம் சிவகங்கைச் சீமையில், விதைப்பு ஈரம் ஒருமுறை போனால் அந்த மூட்டையைக் கொண்டு என்ன செய்வது? உழவுக் கூலி, அடியுரம், ஒரு போகம் எல்லாம் போன பிறகு விதை விலை ஒரு சிறு பகுதிதான்.

இதில் விவசாயிக்குப் பெரிய துணையாக நிற்பது, 2012 ஜனவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. ஆந்திர விவசாயிகள் சிலர் தேசிய விதைக் கழகத்திடம் வாங்கிய விதை சரியில்லை என்று நுகர்வோர் மன்றங்களுக்குப் போய் இழப்பீடு பெற்றார்கள். விதைக் கழகம் உச்ச நீதிமன்றம் வரை போனது. விதைச் சட்டம் தனியாக இருக்கிறது, ஆகவே நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்றது. விளைபொருளை விற்பதற்காக வாங்கியதால் விவசாயி நுகர்வோரே அல்ல என்றது. விதையை ஆய்வகத்தில் சோதிக்கவில்லை என்றும் வாதாடியது.

மூன்றையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. விதைச் சட்டம் விவசாயிக்கு இழப்பீடு கிடைக்க வழி செய்யவில்லை. அதனால் அவர் நுகர்வோர் மன்றத்துக்கு வரலாம். விவசாயி நுகர்வோர்தான். வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுபவர் சோதனைக்கு விதையை மிச்சம் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. விற்ற நிறுவனத்திடம்தான் அந்தக் குவியலின் மாதிரி இருக்கும் என்றது நீதிமன்றம். 1968-ம் ஆண்டின் விதை விதிகளும், விற்ற ஒவ்வொரு குவியலின் பதிவேட்டையும் மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன.

சட்டம் துணை நின்றாலும், முளைக்காததற்குக் காரணம் விதைதான் என்று நாம் காட்ட வேண்டும். புழுதி விதைப்பில் மழை தவறினாலும் முளைப்பு குறையும். ஆழமாக விழுந்தாலும் குறையும். ஆகவே விதைப்பதற்கு முன்பே 100 நெல்லை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவிகிதம், நிலக்கடலைக்கு 70, மிளகாய்க்கு 60. உங்கள் எண்ணிக்கை அதைவிட நன்றாகக் குறைந்தால் விதைக்காமல் நிறுத்தி, மூட்டையோடு போய்ப் பணத்தைக் கேளுங்கள். அந்த நிலையில் நட்டம் விதை விலையோடு நிற்கும்.

விதைத்த பிறகுதான் தெரிந்தது என்றால், பையையும் அதில் தைத்திருக்கும் அட்டையையும் ஒரு கைப்பிடி விதையோடு பத்திரப்படுத்துங்கள். வேளாண் அலுவலருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, வயலை உழுது அழிக்கும் முன்னால் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வயலில் அதே நாளில், அதே ரகத்தில், வேறு குவியல் எண்ணுள்ள விதை நன்றாக முளைத்திருந்தால் அதையும் அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். மழை மேல் பழி போட முடியாமல் செய்வது அதுதான்.

நம் வாசகர் இனி செய்ய வேண்டியது

ஸ்பிரேயரை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே இருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். கழற்றிப் பார்க்கவும் கூடாது. தண்ணீர் ஊற்றி, ஒழுகுவதை வீடியோ எடுக்க வேண்டும். கடையில் ஒப்படைக்கும்போது, ‘ஸ்பிரேயரைத் திரும்பப் பெற்றோம்’ என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அசல் பில்லைக் கொடுத்துவிடக் கூடாது, நகல் போதும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். பில்லே தரவில்லை என்றால், கேட்டும் பில் தராததும் முறையற்ற வணிகம்தான். ஜிபே, போன்பே-யில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு கைகொடுக்கும்.

பிறகு ஒரு கடிதம். வக்கீல் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

‘தங்கள் கடையில் 06.10 அன்று இன்ன எண் பில்லில் ரூ.3,600 கொடுத்து பேட்டரி ஸ்பிரேயர் வாங்கினேன். 12.10 அன்று பம்பு பழுதானது. 14.10 அன்று மாற்றிக் கொடுத்தீர்கள். மாற்றிக் கொடுத்த ஸ்பிரேயரும் 21.10 அன்று டேங்கில் ஒழுகியது. 22.10 அன்று அதைத் தங்களிடம் திரும்ப ஒப்படைத்துவிட்டேன். எனக்கு மாற்றுப் பொருளோ கடன் சீட்டோ தேவையில்லை. குறையுள்ள பொருளுக்கான விலையைத் திருப்பித் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் ரூ.3,600-ஐயும், களைமருந்து அடிக்க மூன்று நாள் வாடகை ஸ்பிரேயர் எடுத்த ரூ.600-ஐயும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

வாடகைப் பணத்தைக் கேட்க, அதற்கான ரசீது வேண்டும். கடிதத்தை ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரேயரின் மேல் போட்டிருக்கும் கம்பெனி முகவரிக்கும் ஒரு நகல் அனுப்பினால், பெரும்பாலும் கடைக்காரருக்கு மேலிருந்து போன் வரும்.

பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நீங்களே நின்று பேசலாம். e-jagriti.gov.in என்ற தளத்திலும் புகாரைப் பதியலாம்.

வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். நடைமுறையில் இதைவிட நீளும். 3,600 ரூபாய்க்காகப் பலமுறை சிவகங்கைக்குப் பஸ் ஏறுவதா என்று கணக்குப் போடத்தான் செய்வோம். அதனால்தான் கடிதம் முக்கியம். தேதி தேதியாக, பில் எண்ணோடு, சட்டத்தின் பெயரோடு வரும் கடிதத்தைப் பார்த்ததும் பல கடைக்காரர்கள், ‘வந்து வாங்கிட்டுப் போங்கண்ணே’ என்று கூப்பிட்டுவிடுவார்கள்.

வாசகர் கேள்விகள் இரண்டு

*ஸ்பிரேயரை அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கும் விடுகிறேன். நான் நுகர்வோரா?*

சொந்தப் பிழைப்புக்காக, நீங்களே உழைத்துச் சம்பாதிப்பதற்கு வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர்தான். பத்து ஸ்பிரேயர் வாங்கி, ஆள் வைத்து வாடகைத் தொழில் நடத்தினால் அது வணிகம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதம் எடுபடவும் கூடும்.

*தள்ளுபடியில் வாங்கிய பொருளுக்கும் பணம் கேட்கலாமா?*

விலை குறைந்ததால் உரிமை குறையாது. ஆனால் ‘மூடியில் கீறல், அதனால் விலைக் குறைப்பு’ என்று முன்பே காட்டி விற்றிருந்தால், அந்தக் கீறலைச் சொல்லிப் பணம் கேட்க முடியாது. அதே பொருளில் மோட்டார் ஓடவில்லை என்றால் கேட்கலாம்.